மூன்று கரண்டி மலைத்தேன்

என் வீட்டுக்காரர் அடைக்கலத்துக்குப் பொய் சொல்ல வராது. இருபத்திரண்டு வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவள் சொல்கிறேன். அதனால்தான் ஏப்ரல் மாதம் டாக்டர் தமிழ்மதி, "அண்ணே, இனிப்பு ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டபோது, "தொடுறதே இல்லீங்க" என்று அவர் சொன்னதை டாக்டரும் நம்பினார், பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் நம்பினேன்.

நம்பாமல் என்ன செய்வது? வெள்ளைச் சீனியை அவர் வீட்டுக்குள் வரவே விடவில்லை. கிறிஸ்துமஸ் கேக்கில் விரல் நுனி கூடப் படவில்லை. அப்படியிருந்தும் ரிப்போர்ட்டில் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 9.4 என்று வந்திருந்தது. ஜனவரியில் 8.9. டாக்டர் ரிப்போர்ட்டை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். ஜனவரியில்தான் ஒரு மாத்திரையைப் புதிதாகச் சேர்த்திருந்தார். இப்போது அதன் அளவை இரண்டு மடங்காக்கினார்.

"ஜூலையில ஸ்கூல் வேன் ஓட்ட உங்களுக்கு ஃபிட்னஸ் சர்டிபிகேட் கேப்பாங்கள்ல? எட்டுக்குக் கீழ கொண்டு வாங்க. இல்லன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன். பிள்ளைங்க போற வண்டி."

இதுதான் எங்கள் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. நான் கொடைக்கானலில் ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலை பார்க்கிறேன். அதே பள்ளிக்குப் பெருமாள்மலைப் பக்கத்துப் பிள்ளைகளைக் காலையும் மாலையும் அவர்தான் வேனில் ஏற்றி வருகிறார். எங்கள் பள்ளியில் மே கடைசி வரை வகுப்பு நடக்கும், லீவு முடிந்து ஜூலைக் கடைசியில்தான் திறப்பார்கள். விடுமுறை நாளிலும் சீசனிலும் அதே வேனில் டூரிஸ்ட்டுகளைச் சுற்றிக் காட்டுவார். டூரிஸ்ட் ஓட்டம் வரும், போகும். பள்ளி ஓட்டம் அப்படி இல்லை. அது அவருக்கு வருமானம் மட்டுமா? பதினொரு வருஷமாக ஒவ்வொரு பிள்ளையின் பெயரும், எந்தப் பிள்ளைக்கு எந்த வளைவில் வாந்தி வரும் என்பதும் அவருக்கு அத்துப்படி. அந்த வேலை போனால் மனுஷன் உட்கார்ந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அதனால் வீட்டில் அதைப் பற்றி நாங்கள் பேசவே மாட்டோம்.

மே முதல் வாரம் என் தங்கை கேத்தரின் திண்டுக்கல்லில் இருந்து பிள்ளைகளோடு வந்தாள். ஒரு நாள் ஊரைச் சுற்றிக் காட்டுவது என்று முடிவாயிற்று. நானும் விடுப்புப் போட்டுவிட்டு முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் தொழில் செய்வதை நான் கூடவே இருந்து பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

முதலில் ஏரி. அங்கே ஒரு டீக்கடை. கடைக்காரர் இவரைக் கண்டதும் கேட்காமலேயே கிளாஸை நீட்டினார். "அண்ணனுக்கு நாட்டுச்சக்கரை டீ" என்று உள்ளே சொன்னார். டூரிஸ்ட்டைக் கூட்டி வரும் டிரைவருக்கு டீ இலவசம், அது இங்கே எல்லா இடத்திலும் வழக்கம். அடுத்தது தூண் பாறை. அங்கேயும் நாட்டுச்சர்க்கரை டீ. அதன் பிறகு சேனாதிபதி கடை.

சேனாதிபதி எங்களுக்குப் பழக்கமானவர்தான். தைல எண்ணெய், ஹோம்மேட் சாக்லேட், மலைத்தேன் எல்லாம் விற்பார். வாசலில், 'சர்க்கரை உள்ளவர்களும் அச்சமின்றிச் சாப்பிடலாம்' என்று தேனுக்கு ஒரு பலகை. கேத்தரின் பாட்டிலைக் கையில் எடுத்து, "எங்க மாமியாருக்குச் சுகர் இருக்கு, ஒத்துக்குமா?" என்று கேட்டாள். சேனாதிபதி தேன் ஜாடியை முன்னால் இழுத்து வைத்தார். என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

அவர் முன்னால் வந்தார். கல்லா மேல் இருந்த டீக்கரண்டியை எடுத்தார். ஜாடியில் விட்டுத் தேனை வழிய வழிய அள்ளி வாயில் போட்டார். கண்ணை மூடி விழுங்கினார்.

"எனக்கு ஆறு வருசமாச் சுகர். நானே சாப்பிடுறேன். தைரியமா வாங்கிட்டுப் போ கேத்தி. இது இனிப்பு இல்ல, மருந்து."

இன்னும் பார்க்க வேண்டியது இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. பக்கத்தில் இருந்த சென்னைக் குடும்பம் ஒன்று அதே கேள்வியைக் கேட்டது. அவர்களுக்காக இன்னொரு கரண்டி. நாங்கள் கிளம்பும் நேரத்தில் வந்த ஒரு பெரியவருக்காக மூன்றாவது கரண்டி. போகும்போது சேனாதிபதி ஒரு சின்ன பாட்டில் தேனை வேனுக்குள் வைத்துவிட்டுப் போனார். வட்டக்கானல் போய்ச் சேர்ந்ததும் மறுபடியும் ஒரு டீ.

தங்கை குடும்பம் அருவியைப் பார்க்க இறங்கிப் போனதும் நான் கேட்டேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிப்பீக?"

"சீசன்ல ஆறு, ஏழு. ஏன்?"

"தேன்?"

"அது ஆளைப் பொறுத்து. நாலு தடவை, அஞ்சு தடவை. கேக்குறவங்க முன்னால சாப்பிட்டாத்தான நம்புவாங்க?"

"டாக்டரம்மாகிட்ட இனிப்பு தொடுறதில்லன்னு சொன்னீகளே."

ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பது போல அவர் என்னைப் பார்த்தார். "ஜோசி, சீனிதான் இனிப்பு. ஆலையில வெளுக்குறது. நாட்டுச்சக்கரையும் தேனும் இயற்கை. அது எப்படிச் சக்கரையைக் கூட்டும்?"

ஏமாற்றியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். இந்த மனுஷன் மனசார நம்பித் தின்றுகொண்டிருக்கிறார். சண்டை போட எனக்கு ஒரு பிடி கிடைக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

நான் சமையல்காரி. வாயால் சொல்லி எதையும் நிரூபித்துப் பழக்கமில்லை, அளந்து பார்த்துத்தான் பழக்கம். வீட்டில் விரலில் குத்திப் பார்க்கும் மெஷின் இருந்தது. அவர் அதைக் காலை வெறும் வயிற்றில் மட்டும், அதுவும் நினைவு வந்தால், பார்ப்பார். நான் சொன்னேன்: நாலு நாள், நாலு டீ. வெள்ளனே எழுந்ததும் ஒரு தடவை பார்ப்பது. ஒரே கிளாஸ், ஒரே அளவு பால், குடித்து ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பது. அதுவரை வாயில் வேறு எதுவும் படக்கூடாது.

"தேன் ஜெயிச்சா என்ன செய்வ?" என்று கேட்டார்.

"சேனாதிபதி கடையில நானும் நின்னு நக்கிக் காட்டுறேன்."

முதல் நாள் மூன்று கரண்டி சீனி. 158 இருந்தது 209 ஆயிற்று. ஐம்பத்தொன்று கூடியது. "பாத்தியா, சீனி விஷம்" என்றார். இரண்டாம் நாள் மூன்று கரண்டி நாட்டுச்சர்க்கரை. 163 இருந்தது 211. நாற்பத்தெட்டு. அவர் மெஷினைத் தட்டிப் பார்த்தார். மூன்றாம் நாள் மூன்று கரண்டி மலைத்தேன். 150 இருந்தது 205 வந்து நின்றது. ஐம்பத்தைந்து.

"சீனியை விடவா?" என்றார். குரல் இறங்கிப் போயிருந்தது.

"தேன் கரண்டியில கனம் கூடுதல். ஒரு கரண்டி சீனியை விட ஒரு கரண்டி தேன்ல சக்கரை அதிகமாத்தான் இருக்கும்" என்றேன். இது எனக்கு விடுதிச் சமையலில் தெரிந்த கணக்கு. எடை வைத்துப் பார்த்தால் தேனில் கொஞ்சம் தண்ணீர் உண்டு, அதனால் சீனியை விடக் குறைவு. ஆனால் யாரும் தேனை எடை போட்டு நக்குவதில்லை.

நாலாம் நாள், மருந்துக் கடையில் வாங்கி வந்த, சீனிக்குப் பதிலாகப் போடும் சுக்ரலோஸ் இனிப்பு மாத்திரை இரண்டு. கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. டீயில் போட்டதும் கரைந்துவிட்டது. அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "இனிக்குது" என்று சந்தேகத்தோடு சொன்னார். 161 இருந்தது 168. ஏழு. அந்த ஏழும் பாலில் உள்ள சர்க்கரைதான்.

அன்று காலை கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு அவர் முற்றத்துக்கு வந்தார். "எத்தனை பேருக்கு நக்கிக் காட்டியிருப்பேன் ஜோசி" என்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சேனாதிபதி கடையில் வந்த ஆத்திரமும் அந்த ஒரு வார்த்தையில் போய்விட்டது.

அன்றிலிருந்து சட்டைப் பையில் இனிப்பு மாத்திரை டப்பா. எந்தக் கடையிலும் சர்க்கரை இல்லாத டீ, அதில் இரண்டு மாத்திரை. தேன் பக்கம் திரும்பவில்லை. சேனாதிபதி கூப்பிட்டால், "பல்லு வலி" என்று தப்பித்துக்கொண்டார். அவருக்கு வந்த முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும். காலை அளவு 150, 138, 121 என்று இறங்கியது. நாங்கள் இருவரும் அதைப் பரீட்சை மார்க் போலப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம். ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. மருந்து மாத்திரையின் அளவை டாக்டர் கூட்டியது இந்தத் தேனும் நாட்டுச்சர்க்கரையும் உள்ளே போய்க்கொண்டிருந்த உடம்புக்கு. அவை நின்றுவிட்டன. மருந்து நிற்கவில்லை.

மே மூன்றாம் வாரம் ஒரு சனிக்கிழமை. விடுதிக்குக் காய்கறி எடுக்க நாங்கள் இருவரும் வேனில் பெருமாள்மலைக்கு இறங்கினோம். காலையில் டாக்டர் தந்த மாத்திரையைப் போட்டு இரண்டு இட்லி சாப்பிட்டிருந்தார். பதினொரு மணிக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்கு. சீசன் கூட்டத்தில் வெள்ளி அருவிக்கு மேலேயே வண்டிகள் நின்றுவிட்டன. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம். ஒரு வழியாகப் பெருமாள்மலை வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை.

வண்டியை ஓரம் கட்டினார். நெற்றியெல்லாம் வியர்வை. வெளியே பனி இறங்கி, நான் ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டிருக்கிறேன்.

"என்னங்க இப்படி வேர்க்குது?"

"ஒண்ணுமில்ல. படபடன்னு வருது. இனிப்பா ஒரு டீ குடிச்சாச் சரியாப் போகும்."

கடையில் டீ வாங்கினார். பையில் இருந்து டப்பாவை எடுத்தார். விரல் நடுங்கியதில் மாத்திரைகள் நாலைந்து கீழே சிதறின. மூன்றைக் கிளாஸில் போட்டார். குடித்தார். ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து நிமிஷம் ஆயிற்று. நடுக்கம் நிற்கவில்லை. "பிள்ளைங்களை ஏத்திட்டியா?" என்று என்னிடம் கேட்டார். அன்று சனிக்கிழமை, பள்ளியே இல்லை.

மெஷின் என் பையில் இருந்தது. அவர் விரலைப் பிடித்துக் குத்தினேன். 54.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த இனிப்பு மாத்திரை நாக்கை மட்டும்தான் ஏமாற்றும். ரத்தத்துக்கு அது ஒன்றுமே கொடுக்காது. நாலாம் நாள் காலையில் நாங்கள் மெச்சிய அதே குணம்தான். இப்போது அவருக்கு வேண்டியது, அன்று மூன்று நாள் கூட்டிக் காட்டிய அந்தச் சனியன்கள்தான்.

வேனுக்கு ஓடினேன். சேனாதிபதி வைத்துவிட்டுப் போன தேன் பாட்டில் பரீட்சைக்கு எடுத்தது போக, சீட்டுக்கு அடியில் அப்படியே கிடந்தது. டீக்கடைக் கரண்டியால் அள்ளி நீட்டினேன். அவர் வாயை இறுக மூடிக்கொண்டார்.

"வேணாம். நான் விட்டுட்டேன்."

"நான் சொல்றேன், வாயைத் திறங்க."

"நீதான அளந்து காட்டுன..."

"அந்த அளவுதான் இப்ப வேணும். வெரசா முழுங்குங்க."

மூன்று கரண்டி. முழுங்கினார். கால் மணி நேரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கர்த்தரை அவ்வளவு அதட்டி நான் ஒருநாளும் ஜெபித்ததில்லை. மறுபடி குத்தினேன். 73. வியர்வை அடங்கியிருந்தது. இரண்டு பன் வாங்கிக் கொடுத்தேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் 96.

திரும்பும்போது வண்டியை அவரைத் தொட விடவில்லை. ஸ்டாண்டில் இருந்த டிரைவர் ஞானவேல் ஓட்டி வந்தார். பாதி மலை ஏறியதும் என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்.

"இன்னைக்கு வண்டிக்குள்ள பிள்ளைங்க இருந்திருந்தா?"

எனக்கும் அதே நினைப்புதான் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும், "இதை டாக்டர்கிட்டச் சொன்னாக் கையெழுத்துப் போட மாட்டாங்க" என்றார்.

"சொல்லாட்டி?"

"போடுவாங்க. நம்பர் இறங்கிருச்சே."

சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நான் கத்தியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் இதை நான் சொல்லி அவர் செய்தால் அது என் முடிவாகிவிடும். பதினொரு வருஷம் அந்தப் பிள்ளைகளை ஏற்றியது அவர். நான் போய் உலை வைத்தேன்.

திங்கட்கிழமை டாக்டர் தமிழ்மதி மெஷினில் பதிந்திருந்த எண்களைப் பார்க்கத் தொடங்கினார். அவர் கண் 54-க்கு வருவதற்கு முன்னாலேயே என் வீட்டுக்காரர் பேச ஆரம்பித்துவிட்டார். ஏரிக்கரை டீயில் ஆரம்பித்தார். தூண் பாறை டீ, சேனாதிபதி கடை, நாளுக்கு ஐந்து கரண்டி தேன், பலகை, பல்லு வலிப் பொய், நாலு நாள் பரீட்சை, பெருமாள்மலை, ஞானவேல் வண்டி ஓட்டி வந்தது, எதையும் விடவில்லை. கடைசியில், "கையெழுத்துப் போடாட்டியும் பரவால்லீங்க. பிள்ளைங்க வண்டி" என்றார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"தேனுக்கும் சேத்து நான் மாத்திரை கொடுத்திருக்கேன் அண்ணே. அது தெரியாமப் போச்சு. இனிப்பு சாப்பிடுறீங்களான்னு கேட்டேனே தவிர, தேன், நாட்டுச்சக்கரைன்னு பேர் சொல்லிக் கேட்டிருக்கணும். என் தப்பும் இருக்கு."

ஜனவரியில் சேர்த்த, சர்க்கரையை ஒரேயடியாகக் கீழே தள்ளும் அந்த மாத்திரையை நிறுத்தினார், மற்றதைத் தொடரச் சொன்னார். நான் சுக்ரலோஸைப் பற்றிக் கேட்டேன். அதைத் தின்றால் அது வரும், இது வரும் என்று விடுதியில் ஆளுக்கொன்று சொல்லிக் குழப்பி வைத்திருந்தார்கள்.

"டீக்கு ரெண்டு மாத்திரைன்னா பயப்பட வேண்டாம். தேன், வெல்லம், சீனி மூணையும் விட உங்க அளவுக்கு அதுதான் மேல். ஆனா அது மருந்து இல்ல. அதைப் போட்டுச் சக்கரை குறையாது, கூடாம இருக்கும், அவ்வளவுதான். காலம் பூரா நிறையச் சாப்பிட்டா என்ன ஆகும்னு இன்னும் ஆராய்ச்சி நடக்குது. அதனால கொஞ்சம் கொஞ்சமா நாக்கையே பழக்குங்க. அப்புறம் சுகர் ஃப்ரீ சாக்லேட்னு வாங்கித் தின்னுடாதீங்க. அதுல சீனிதான் இருக்காது, மாவும் கொழுப்பும் இருக்கும்."

"தேன்?" என்று அவர் கேட்டார்.

"வண்டியிலயே இருக்கட்டும். எழுபதுக்குக் கீழ போனா மூணு கரண்டி. ஓட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துட்டுத்தான் சாவியைத் தொடணும். தினமும். ஜூலை வரைக்கும் எழுதிக் கொண்டாங்க. ஒரு நாள் கூட இறங்காம இருக்கான்னு பாத்துட்டு முடிவு சொல்றேன்."

அன்று அங்கிருந்து என் வீட்டுக்காரர் நேராகச் சேனாதிபதி கடைக்குத்தான் போனார். நான் வாசலிலேயே நின்றேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று முழுசாகக் கேட்கவில்லை. "ஏலே சேனாதிபதி, உன் தேன்தான் என்னைக் காப்பாத்துச்சு, அதுக்காகத்தான் சொல்றேன், அந்தப் பலகையை எடு" என்றது மட்டும் கேட்டது. ஒரு வாரம் சேனாதிபதி எங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டாம் வாரம் பலகை இருந்த இடத்தில் 'சுத்தமான மலைத்தேன்' என்று மட்டும் இருந்தது. தேன் வியாபாரம் குறையவில்லை என்று பிறகு அவரே சொன்னார்.

ஜூலை வந்தது. மூன்று மாதச் சராசரி 7.5. நோட்டில் எழுபதுக்குக் கீழே ஒரு எண்ணும் இல்லை. டாக்டர் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டுப் படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"அன்னைக்கு நீங்க மறைச்சிருந்தா, அந்த மாத்திரை இன்னும் ஓடிக்கிட்டு இருந்திருக்கும் அண்ணே" என்றார்.

பள்ளி திறந்த அன்று விடியற்காலையில் நான் டீ போட்டேன். ஒரு மாதமாக இரண்டு இனிப்பு மாத்திரை ஒன்றாகி, ஒன்று அரையாகியிருந்தது, அவருக்குத் தெரிந்துதான். அன்று அவசரத்தில் அந்த அரையையும் போட மறந்துவிட்டேன். அவர் விரலில் குத்தி 118 என்று நோட்டில் எழுதினார், டீயைக் குடித்து முடித்தார், சாவியை எடுத்தார். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

"ஏங்க, டீயில ஒண்ணுமே போடல."

அவர் கிளாஸை எடுத்து அடியைப் பார்த்தார்.

"அப்படியா? நல்லாத்தான இருந்துச்சு."

வேனுக்குள் எட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங் பக்கத்துப் பெட்டியில் அந்தப் பாட்டில் இருந்தது. அன்று மூன்று கரண்டி எடுத்ததற்குப் பிறகு நான் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். தேன் அந்தக் கோட்டிலேயே நின்றது. அவர் வண்டியைக் கிளப்பி, முதல் பிள்ளையை ஏற்றப் பெருமாள்மலைப் பாதையில் இறங்கினார்.